நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர் கட்டுமான வாரியத்தில் பதியலாமா?

"எங்க ஊர் திருவிடைமருதூர் பக்கம். அம்மா நடவு, களையெடுப்புக்குப் போவாங்க, மத்த மாசமெல்லாம் சித்தாள் வேலை. கட்டுமான நல வாரியத்துல பதியலாம்னு போனா வி.ஏ.ஓ. 'நீ விவசாயக் கூலிதானே, உழவர் அட்டைதான் இருக்கே'ன்னு திருப்பி அனுப்பிட்டார். அம்மாவுக்கு 54 வயசு, ஆதார்ல 56னு இருக்கு. இனிமே பதிஞ்சு பிரயோஜனம் உண்டா?"

பிரயோஜனம் உண்டு. ஆனால் உங்களுக்கு இருக்கும் அவகாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நீங்கள் வி.ஏ.ஓ. சொன்னதைப் பெரிய தடையாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அதைவிட ஆதாரில் இருக்கும் அந்த 56தான் கவலை தருகிறது. நான் கும்பகோணத்தில் ஒரு கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் 19 வருடம் அலுவலகச் செயலாளராக இருந்தேன். பதிவு, புதுப்பித்தல், கேட்பு மனு என்று உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. சட்டத்தில் தெளிவாக எழுதியிருப்பதையும், அலுவலகத்தில் நடக்கக் கண்டதையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் வயது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 18 வயது நிறைந்து 60 நிறையாதவர்களைப் பதியச் சொன்னது. 60 நிறைந்ததும் பயனாளி என்ற நிலை முடிந்துவிடும். ஆனால் 60 நிறைவதற்கு உடனே முந்தைய 3 ஆண்டுகளாவது தொடர்ந்து பயனாளியாக இருந்தவருக்கு அதன் பிறகும் உதவி பெறும் உரிமை உண்டு என்று அதே சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் 18, 60, 3 ஆண்டு என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. மாத ஓய்வூதியத்தை நினைத்துத்தான் அம்மாவைப் பதிகிறீர்கள் என்றால், 57 நிறைவதற்குள் அட்டை கைக்கு வந்தாக வேண்டும் என்று இதற்குப் பொருள். அலுவலகம் பார்ப்பது ஆதாரில் இருக்கும் தேதியை. அதன்படி உங்களுக்கு மிச்சமிருப்பது ஒரு வருடத்துக்கும் குறைவு. ஆதாரில் தேதி இல்லாமல் வருடம் மட்டும் இருந்தால் ஜனவரி 1 என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

உண்மையான வயது 54தான் என்பதற்குப் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால், வாரியத்துக்குப் போவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். பிறந்த தேதியை ஆதாரில் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் சான்று கையில் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம். பதிந்த பிறகு திருத்தினால் அட்டையில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று ஆகி, பணம் கேட்கும் நாளில் மாட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தேதி இருக்கும். அம்மா படித்த பள்ளியில் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். எந்தச் சான்றும் இல்லையென்றால் 56 என்றே வைத்துக்கொண்டு, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். வயதைக் குறைத்துக் காட்ட ஒரு சான்று 'ஏற்பாடு' செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி வி.ஏ.ஓ. சொன்னது. ஒருவருக்கு முதன்மைத் தொழில் எது என்று சட்டம் கேட்கவில்லை. முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்கிறாரா என்றுதான் கேட்கிறது. மீதி 275 நாளில் அவர் நடவு நட்டாரா, வீட்டில் இருந்தாரா என்பது அதற்கு முக்கியமில்லை. நம் பக்கத்தில் இந்தக் கணக்கு எப்படி அமைகிறது என்று பாருங்கள். தை அறுவடை முடிந்ததும் வயலில் வேலை ஓய்ந்துவிடும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு தையிலேயே கூலி நாட்கள் குறைந்துவிட்டன. வீடு கட்டுபவர்கள் மழை ஓய்ந்து மாசியில் அஸ்திவாரம் போட்டு, ஆனிக்குள் கூரை மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். மேட்டூர் திறக்கும் முன்பாகச் சித்திரை, வைகாசியில் வாய்க்கால் கரை, மதகு, தடுப்புச் சுவர் வேலைகள் நடக்கும். ஆக, மாசி முதல் ஆனி வரை ஐந்து மாதத்தில் மாதம் 18 நாள் போனாலே 90 வந்துவிடுகிறது. புரட்டாசியில் ஒருவர் அலுவலகத்துக்குப் போனால் அவரை நடவு வயலில் பார்த்த ஞாபகம்தான் வி.ஏ.ஓ.வுக்கு இருக்கும். அதை வைத்து அவர் விவசாயக் கூலி என்கிறார். அவர்மேல் கோபப்படுவதைவிட, 90 நாளைத் தாளில் காட்டுவதுதான் வழி.

வாய்க்கால் வேலையைப் பற்றி ஒன்று. 'கட்டுமானம்' என்றால் வீடு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் பட்டியலில் சாலை, பாலம் மட்டுமில்லாமல் பாசன வேலை, வடிகால், கரை, வெள்ளத் தடுப்பு வேலைகளும் இருக்கின்றன. கட்டுவது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் பராமரிப்பதும் சேரும். ஆகவே ஒப்பந்ததாரரிடம் மதகு கட்டும் இடத்தில் ஜல்லி சுமந்த நாட்களையும் கணக்கில் சேர்க்கலாம். இது சட்டப்படி உறுதியானது. நடைமுறையில் வெறும் தூர்வாரும் வேலையை, அதிலும் 100 நாள் வேலையில் மண் வெட்டியதை மட்டும் காட்டினால் அலுவலகத்தில் தயங்குகிறார்கள். அதனால் அந்த நாட்களை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அவை இல்லாமலே 90 வருகிறதா என்று பாருங்கள்.

எங்களிடம் வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். உங்கள் அம்மாவைப் போலத்தான், பாதி வருடம் வயல், பாதி வருடம் சித்தாள். அவருக்கு அப்போது 51 வயது. முதல் தடவை ஒரே ஒரு மேஸ்திரியிடம் பணிச்சான்று வாங்கி விண்ணப்பித்தார். அந்த மேஸ்திரி நேர்மையானவர், தன்னிடம் செய்த 46 நாளை மட்டும் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சித்தாள்களுக்கு இது வழக்கமாக நடப்பது. கொத்தனாராவது ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்பார். சித்தாளை இரண்டு நாள் இங்கே, நான்கு நாள் அங்கே என்று கூப்பிடுவார்கள். ஒரு முதலாளியிடம் 90 நாள் சேரவே சேராது. ஆனால் ஒரே முதலாளியிடம் 90 நாள் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. எல்லா இடத்தையும் கூட்டித்தான் 90.

பிறகு அவரை உட்கார வைத்து, மகளின் பள்ளி நோட்டில் மாதவாரியாக எழுத வைத்தோம். தேதி ஞாபகமில்லை என்றார். 'மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முன்னாடியா பின்னாடியா, எந்த வீட்டில் கூரை போட்டீர்கள்' என்று கேட்டுக் கேட்டு எடுத்தோம். மாசியில் 24 நாள், பங்குனியில் 22, இரண்டும் அந்த முதல் மேஸ்திரியிடம். சித்திரையில் வாய்க்கால் தடுப்புச் சுவர் வேலையில் 20. வைகாசியில் வேறொரு கொத்தனாரோடு 18. ஆனியில் அதே கொத்தனாரோடு 10. கூட்டினால் 94. மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினோம். ஒவ்வொன்றிலும் வேலை நடந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன வேலை, கையெழுத்துப் போட்டவரின் கைபேசி எண் இவை இருந்தன. அந்தத் தாள்களைப் பார்த்தபின் சங்கத்தின் பணிச்சான்றையும் சேர்த்துக் கொடுத்தோம். இந்த முறை பதிவாகிவிட்டது. விசாரணைக்குக் கூப்பிட்டபோது சித்திரையில் எங்கே வேலை என்று கேட்டார்கள். நோட்டில் எழுதியதையே சொன்னார், வேலை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பணிச்சான்று தர வி.ஏ.ஓ. ஒருவர்தான் என்று இல்லை. வேலை கொடுத்தவரும் தரலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கமும் தரலாம். யாரிடமும் பொய்ச்சான்று வாங்காதீர்கள். 'தொடர்ந்து வேலை பார்க்கிறார்' என்று பொதுவாக எழுதிய நூறு சான்றைவிட, இத்தனை தேதி முதல் இத்தனை தேதி வரை என்று எழுதிய மூன்று சான்று வலுவானது. விண்ணப்பம் tnuwwb.tn.gov.in தளத்தில் போடுவது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், வயதுச் சான்று, பணிச்சான்று, நியமனதாரர் விவரம் கேட்கும். பதிவுக்கு வாரியம் கட்டணம் வாங்குவதில்லை. சங்கத்தில் சேர்ந்தால் சந்தா உண்டு, அது தனி. அதற்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். முன்பு இ-ஷ்ரம் அட்டை எடுத்திருந்தால் அது மத்திய அரசின் பட்டியலில் பெயர் இருப்பதற்கான அடையாளம் மட்டும். அதைக் காட்டி வாரியத்தில் ஓய்வூதியம் கேட்க முடியாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து 60 வயதுவரை சும்மா இருந்துவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை நிராகரித்தால் என்ன செய்வது? 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில், விண்ணப்பதாரரைக் கேட்காமல் நிராகரிக்கக் கூடாது என்றும், முடிவில் குறை இருந்தால் 30 நாளுக்குள் வாரியச் செயலாளருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. வாய்மொழியாக 'ஆகாது' என்று சொல்வதை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவின் விஷயத்தில் இதுவரை விண்ணப்பமே போகவில்லை. முதலில் அதைப் போட்டு ஒப்புகை எண்ணை வாங்குங்கள். பிறகு யார் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் போக வேண்டிய இடம் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகம். வட்டாட்சியர் அலுவலகம் அல்ல.

உழவர் அட்டை விஷயத்தில் மறைக்கப் பார்க்காதீர்கள். உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011இல் வந்தது, வருவாய்த் துறை நடத்துவது. தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பார்க்கிறார். அங்கேயும் இங்கேயும் ஒரே உதவியை வாங்க முடியாது, ஓய்வூதியமும் ஒருவருக்கு ஓர் இடத்திலிருந்துதான். வாரிய விண்ணப்பத்தில் வேறு திட்டத்தில் உறுப்பினரா என்று உறுதிமொழி கேட்பார்கள். இல்லை என்று எழுதிவிட்டுப் பிறகு ஆதார் எண்ணால் வெளிப்பட்டால், அட்டையே போய்விடும். என் யோசனை இது. முதலில் பணிச்சான்றுகளை எல்லாம் தயார் செய்துவிடுங்கள். அதன்பிறகு தாலுகா அலுவலகத்தில் உழவர் அட்டையிலிருந்து அம்மாவின் பெயரை நீக்கக் கேட்டு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதே வாரத்தில் கட்டுமான வாரியத்துக்கு விண்ணப்பியுங்கள். இந்த வரிசை மாறினால், இடைப்பட்ட நாட்களில் விபத்து ஏதாவது நேரும்போது அம்மா இரண்டு திட்டத்திலும் இல்லாமல் போய்விடலாம். உங்கள் அம்மா பெயரில் உழவர் திட்டத்தில் ஏற்கெனவே ஏதும் கேட்பு மனு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை பெயரை நீக்காதீர்கள்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், வருடத்தில் 90 நாள் உண்மையாகவே கட்டுமான வேலைக்குப் போகும் ஒருவருக்கு நான் கட்டுமான வாரியத்தையே சொல்வேன். பணியிட விபத்து ஒரு காரணம். சாரத்தில் நிற்பவர்களுக்கு அது எப்போதும் பக்கத்தில் இருக்கும் ஆபத்து. வேலை செய்யும் இடத்தில் விபத்தில் இறந்தால் பதிவு இல்லாத கட்டுமானத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டில் உதவி உண்டு. ஆனால் பதிவு இல்லாத குடும்பம் 'அவர் அன்று அங்கே வேலை செய்தார்' என்று நிரூபிக்கப் படும் பாடு கொஞ்சமல்ல. மாத ஓய்வூதியம் 1,000 ரூபாயாக இருந்து 1,200 ஆனது. தொகைகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் கேட்பு மனு போடும் நாளில் என்ன தொகை என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அம்மாவின் கதையில் மீதி. பதிந்ததோடு முடிந்தது என்று அவரும் நினைத்தார், நாங்களும் கொஞ்சம் அசட்டையாக இருந்தோம். அட்டை எதுவரை செல்லும் என்று அதிலேயே தேதி இருக்கும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு அந்தத் தேதி 56 வயதில் வந்தது. இணையத்தில் விவரம் ஏற்றும்போது அவருடைய கைபேசி எண்ணுக்குப் பதிலாக, கணினி மையத்தில் இருந்தவர் தன் எண்ணைப் போட்டிருந்தார். ஓ.டி.பி. சீக்கிரம் வர வேண்டும் என்று செய்ததுதான். வாரியத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி எதுவும் இவருக்கு வரவில்லை. மகன் கல்லூரிப் படிப்புக்கு உதவி கேட்டுப் போனபோதுதான் அட்டை ஒன்றரை வருடத்துக்கு முன்பே காலாவதி ஆகிவிட்டது தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 57½.

படிப்பு உதவி அந்த வருடத்துக்குப் போயே போய்விட்டது. திருமணம், படிப்பு, மரணம் எதுவானாலும் நிகழ்வு நடந்த நாளில் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் 3 வருடக் கணக்கில் இருந்தது. புதிதாகப் பதிந்தால் 60க்கு இரண்டரை வருடம்தான் வரும், ஓய்வூதியம் கிடைக்காது. அதனால் புதிய பதிவு போடாமல், பழைய பதிவையே மீட்டுத் தரக் கேட்டு மனு எழுதினோம். கைபேசி எண் தவறாக ஏறியதை விளக்கினோம். இடைப்பட்ட ஒன்றரை வருடத்திலும் அவர் வேலைக்குப் போனதை, மறுபடியும் மேஸ்திரிகளிடம் தேதிவாரியாக வாங்கிக் காட்டினோம். 14 மாதம் அலைந்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் அப்படி ஏற்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் அந்த நோட்டைத் தொடர்ந்து எழுதிவந்ததால்தான் அது நடந்தது என்று நம்புகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு இந்தத் தப்பு நேரக் கூடாது. பதியும்போது அம்மாவின் எண் அல்லது உங்கள் எண், ஐந்து வருடம் கழித்தும் வீட்டில் இருக்கப்போகும் எண்ணைக் கொடுங்கள். வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். சில வங்கிகள் வேறு வங்கியோடு இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கிறது, பழைய புத்தகத்தைப் பார்த்து ஏற்றினால் பணம் திரும்பிவிடும். அட்டை வந்ததும் பெயர், பிறந்த தேதி, நியமனதாரர் பெயர், செல்லும் தேதி நான்கையும் அன்றைக்கே படித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். 60 நிறையும்போது இதே அட்டையோடுதான் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது வந்த பிறகு ஆண்டுதோறும் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது, அம்மாவிடம் போன மாசியிலிருந்து யார் யாரிடம் சித்தாள் வேலைக்குப் போனார் என்று கேட்டு எழுதுவது. 90 வருகிறது என்றால் மேஸ்திரிகள் வேறு ஊர் வேலைக்குப் போவதற்குள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். 80தான் வருகிறது என்றால் பொய்யாகப் பத்தைச் சேர்க்காமல், இன்னும் இரண்டு வாரம் வேலைக்குப் போய்விட்டு விண்ணப்பியுங்கள். ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தப் பத்து நாள் கிடைப்பதே கஷ்டம். மார்கழி கடந்தால் போன தை, மாசி நாட்கள் 12 மாதக் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பிக்கும். அதற்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். நாள் கணக்கை எழுதியபின் சந்தேகம் இருந்தால் மாதவாரியாக இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.